‘ஆதிரை’க்குப் பிறகு எதை வாசிப்பது?

கடுகண்ணாவையில் வசிக்கும் ஒரு அக்கா, சயந்தன் எழுதிய ‘ஆதிரை’ நாவலை இரண்டு தடவை வாசித்து முடித்துவிட்டு என்னிடம் கேட்டது ஒன்றுதான். “இத மாதிரி இன்னொண்டு இருந்தாத் தாங்க தம்பி.” அவர் மாத்தளைப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்தவர். 1977ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பிறகு பெற்றோருடன் வன்னிக்குப் போய், அங்கேயே வளர்ந்து, மணமுடித்து, முள்ளிவாய்க்கால் வரை நடந்து, செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்து, கடைசியில் உறவினர்களைத் தேடி மீண்டும் மலைக்கு ஏறி வந்தவர். அவருடைய பேச்சில் வன்னியின் ‘ஒண்டு’ம் தோட்டத்து ‘தாங்க’வும் ஒரே வசனத்தில் வரும். அவருக்கு அது தெரியாது. எனக்கு அதைக் கேட்கப் பிடிக்கும்.

ஊடகக் கற்கை படித்தவன் என்பதாலும், நாவல்களைப் பற்றி அவ்வப்போது எழுதுபவன் என்பதாலும் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. எளிமையான கேள்வி போலத் தெரியும். ஆனால் இதற்குக் கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் பொருந்துவதில்லை. அதற்கான காரணத்தையும், இந்த அக்காவுக்காகத் தேடிய வழியையும் எழுதி வைத்தால், எங்கள் ஆட்களில் வேறு யாருக்காவது புத்தகம் தேடிக் கொடுப்பவர்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

முதலில், என்னிடம் வருவதற்கு முன் அவருக்கு என்ன கிடைத்திருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் மகனிடம் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். மகன் தன் நண்பர்களிடம் விசாரித்து மூன்று புத்தகங்களை அனுப்பியிருந்தான். குணா கவியழகனின் ‘நஞ்சுண்டகாடு’, தமிழ்க்கவியின் ‘ஊழிக்காலம்’, தமிழினியின் தன்வரலாறான ‘ஒரு கூர்வாளின் நிழலில்’. மூன்றும் முக்கியமான புத்தகங்கள். மூன்றையும் அக்கா பாதியில் மூடி வைத்துவிட்டார். ‘ஊழிக்காலத்தை’ முப்பது பக்கத்துக்கு மேல் அவரால் தாண்ட முடியவில்லை. “நல்லா எழுதியிருக்காங்க. ஆனா திருப்பி நடக்கச் சொல்லுது” என்றார்.

மகன் செய்ததை எல்லோரும் செய்கிறோம். ‘ஆதிரை’ எதைப் பற்றியது என்று பார்க்கிறோம். வன்னி, போர், இடம்பெயர்வு, 2009. பிறகு அதே சொற்கள் பின்னட்டையில் உள்ள புத்தகங்களை எடுக்கிறோம். இணையத்தில் வரும் ‘வாசிக்க வேண்டிய பத்துப் போர் நாவல்கள்’ வகைப் பட்டியல்களும் இப்படித்தான் தயாராகின்றன. ஒரு புத்தகத்தின் பொருள் வேறு, அது வாசகருக்குத் தரும் அனுபவம் வேறு. ஒரே பொருளை எடுத்துக்கொண்ட இரண்டு நாவல்கள் நேரெதிரான உணர்வைத் தரலாம்.

அமெரிக்கப் பொது நூலகங்களில் இதை ஒரு தொழிலாகவே வளர்த்திருக்கிறார்கள். சிக்காகோவுக்கு அண்மையிலுள்ள டவுனர்ஸ் குரோவ் பொது நூலகத்தில் பணியாற்றிய ஜோய்ஸ் சாரிக்ஸ், தன் சகாவான நான்ஸி பிரவுனுடன் சேர்ந்து 1989இல் இதற்கென ஒரு கையேட்டை எழுதினார். வாசகர் ஒரு கதையை விரும்புவதற்குக் காரணம் பெரும்பாலும் அதன் பொருள் அல்ல, அது சொல்லப்படும் விதம் என்பது அவர்களுடைய அடிப்படை. கதை எவ்வளவு வேகமாக நகர்கிறது, மாந்தர் எப்படி அறிமுகமாகிறார்கள், சம்பவங்கள் எப்படி அடுக்கப்படுகின்றன, கதையைச் சுற்றியுள்ள உலகம் எவ்வளவு விரிவாக வருகிறது என்பவற்றை அவர்கள் பார்க்கச் சொன்னார்கள். சியாட்டில் நகர நூலகரான நான்ஸி பேர்ல் பின்னர் இதையே நான்கு வாசல்களாகச் சுருக்கினார். கதை, மாந்தர், களம், மொழி. ஒவ்வொரு நாவலுக்கும் இந்த நான்கு வாசல்களும் இருக்கும், ஆனால் ஒன்று மற்றவற்றைவிடப் பெரிதாகத் திறந்திருக்கும். வாசகர் எந்த வாசலால் உள்ளே போனார் என்று கண்டுபிடித்தால் அடுத்த புத்தகத்தைத் தேடலாம்.

அதைக் கண்டுபிடிக்க ‘உங்களுக்கு எப்படிப்பட்ட நாவல் பிடிக்கும்?’ என்று கேட்டால் பயனில்லை. அதற்கு யாரும் உண்மையான பதில் சொல்வதில்லை. சொல்லத் தெரியாது என்பதே காரணம். கேட்க வேண்டியது, ‘அந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்பதுதான். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். ஒருவர் கதையை மீளச் சொல்லும்போது எதை நீட்டிச் சொல்கிறார், எதை ஒரே வசனத்தில் கடக்கிறார் என்பதில் பதில் இருக்கும்.

கடுகண்ணாவைப் புகையிரத நிலையத்திலிருந்து அவருடைய வீடு அதிக தூரமில்லை. நான் போன அன்று மழை. தேநீர் தந்துவிட்டுச் சொல்லத் தொடங்கியவர், ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் ‘ஆதிரை’யைப் பற்றிப் பேசினார்.

வாசிக்காதவர்களுக்காக ஒரு குறிப்பு. ‘ஆதிரை’ 2015இல் தமிழினி வெளியீடாக வந்தது. அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட நாவல். மலையகத்திலிருந்து துரத்தப்பட்டு வன்னிக்கு வந்த குடும்பங்களும், வன்னியிலேயே இருந்த குடும்பங்களும் ஒன்றாக வாழ்ந்து, மூன்று தசாப்தப் போருக்குள் சிக்கி, 2009இன் முடிவு வரை வருவதைச் சொல்கிறது. தனியொரு நாயகன் இல்லை. சனங்கள்தான் கதை.

அக்காவின் பேச்சில் நான் குறித்துக்கொண்டவை இவை. இறுதி யுத்தம் வரும் பகுதியை அவர் இரண்டே வசனத்தில் கடந்தார். இரண்டாம் தடவை வாசிக்கும்போது அந்தப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டு போனதாகவும் சொன்னார். மாறாக, மலையிலிருந்து வந்த சனம் புதிய இடத்தில் வேர் ஊன்றுவதைப் பற்றி அரை மணித்தியாலம் பேசினார். அந்த இடத்தில் அவர் நாவலை விட்டு வெளியே வந்து, தன் அப்பா முதன்முதலில் கொட்டில் போட்ட இடம், தண்ணீர் எடுக்க நடந்த தூரம், ‘தோட்டக்காட்டார்’ என்று அழைத்த பக்கத்து வீட்டார், பிறகு அதே வீட்டார் தன் கலியாணத்துக்குப் பலகாரம் சுட வந்தது என்று தன் கதைக்குள் போனார். ஒரு முறைகூட நாவலில் வரும் இயக்கத்தையோ இராணுவத்தையோ பற்றித் தானாகப் பேசவில்லை. “அதில யாரையும் குறை சொல்லல. எல்லாரும் பாவம்தான்” என்றார் ஓரிடத்தில். இன்னொன்று, கதை முடிந்துவிடக்கூடாது என்று நினைத்தாராம். “ஒரு ஊரோட இருந்த மாதிரி இருந்திச்சு.”

அப்படியானால் அவர் கேட்டது போர் நாவல் அல்ல. பிடுங்கப்பட்ட சனம் இன்னொரு மண்ணில் வேர்விடும் கதை. நீண்ட காலம் மெதுவாக ஓட வேண்டும். ஒருவர் அல்ல, பல குடும்பங்கள் வர வேண்டும். கதைசொல்லி யாரையும் தீர்ப்பிடக்கூடாது. வந்தேறிகளாகப் பார்க்கப்படுபவர்களின் பக்கத்தில் நின்று சொல்ல வேண்டும். பொருள் என்று பார்த்தால் இவற்றில் எதுவும் ‘வன்னிப் போர்’ என்ற தலைப்புக்குள் வராது.

மகன் அனுப்பிய புத்தகங்கள் ஏன் பொருந்தவில்லை என்பதும் இப்போது விளங்கியது. ‘நஞ்சுண்டகாடு’ இயக்கத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களின் பயிற்சி முகாமுக்குள் நடக்கிறது. இறுக்கமான சிறிய உலகம். ‘ஊழிக்காலம்’ கடைசி இடப்பெயர்வின் நாட்களுக்குள் வாசகரை அடைத்துவிடுகிறது. அதன் பலமே அதுதான். தமிழினியின் நூல் ஒருத்தியின் அரசியல் வாக்குமூலம். களம் ஒன்றே ஆனாலும் வாசல்கள் வேறு.

இங்கே போரால் பாதிக்கப்பட்ட வாசகர்களுக்கென்று ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். பிற நாட்டுக் கையேடுகளில் இது ஓரமாகத்தான் வரும். எங்களுக்கு இது நடுவில் இருக்கிறது. பிடித்தது எது என்று கேட்பதோடு, எதை வாசிக்க முடியவில்லை என்றும் கேட்க வேண்டும். நேராக ‘உங்களுக்கு என்ன நடந்தது?’ என்று கேட்கக்கூடாது. அது நேர்காணல் ஆகிவிடும். ‘எந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடினீங்கள்?’ என்று கேட்டால் போதும். அக்காவுக்குப் பதுங்குகுழியும் குழந்தைகளின் சாவும் முடியாது. முதியவர்களின் சாவு, நோய், வறுமை எல்லாம் வாசிக்கலாம் என்றார். இந்த எல்லை ஆளுக்கு ஆள் மாறும். செல்லடி பற்றிய பக்கங்களை அமைதியாக வாசித்துவிட்டு, முகாமின் தண்ணீர் வரிசை பற்றிய ஒரு பந்தியில் உடைந்துபோன ஒருவரையும் எனக்குத் தெரியும். ஆகவே நாமாக ஊகிக்கக்கூடாது.

இனித் தேடல். நான் செய்தது எளிய வேலைதான். மனதில் வந்த புத்தகங்களை எல்லாம் எழுதினேன். பிறகு ஒவ்வொன்றிலும் மூன்று விஷயங்களைப் பார்த்தேன். முதலாவது, நாவல் எவ்வளவு காலத்தை எத்தனை பக்கங்களில் சொல்கிறது. ‘ஆதிரை’ முப்பது ஆண்டுகளை அறுநூற்றுச் சொச்சப் பக்கங்களில் சொல்கிறது. ஒரு வாரத்தை முந்நூறு பக்கங்களில் சொல்லும் நாவல் எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் அதே மூச்சைத் தராது. இரண்டாவது, நடுப்பகுதியில் எங்காவது இரண்டு பக்கங்களைத் திறந்து, எத்தனை பேர் வந்து போகிறார்கள் என்று பார்ப்பது. ஒருவருடைய மனதுக்குள்ளேயே கதை நடக்கிறதென்றால், ‘ஊரோட இருந்த மாதிரி’ உணர்வு வராது. மூன்றாவது, நாவலில் முதல் மரணம் வரும் இடத்தைத் தேடி வாசிப்பது. எழுத்தாளர் அதை எப்படிச் சொல்கிறார் என்பதில் அந்தப் புத்தகத்தின் தொனி முழுவதும் தெரிந்துவிடும். கத்துகிறாரா, கோபப்படுகிறாரா, தள்ளி நின்று சொல்லிவிட்டு அடுத்த நாள் அடுப்பு எரிவதையும் சொல்கிறாரா? அக்காவுக்கு வேண்டியது கடைசி வகை.

நாவலின் முதல் பக்கங்களை மட்டும் பார்ப்பது போதாது. முதல் அத்தியாயத்தை எல்லோரும் கவனமாக எழுதுகிறார்கள். நடுவில்தான் புத்தகத்தின் உண்மையான வேகம் இருக்கும்.

இந்த மூன்று சோதனைகளில் முதலில் விழுந்தது, நான் எதிர்பார்த்திருந்த ஒரு புத்தகம். பீஷ்ம ஸாஹ்னியின் ‘தமஸ்’. வெங்கட் சாமிநாதனின் தமிழ் மொழிபெயர்ப்பில் கிடைக்கிறது. இந்தியப் பிரிவினைக் காலத்தில் பஞ்சாபில் நடந்த கலவரம் பற்றிய நாவல். அயலவர்கள் எதிரிகளாவது, சனம் ஓடுவது என்று பொருள் நெருக்கமானது. பல மாந்தரும் வருகிறார்கள். ஆனால் கதை ஒரு சில நாட்களுக்குள் நடக்கிறது. பதற்றம் ஏறிக்கொண்டே போகிறது. 1977ஐயும் 1983ஐயும் கண்ட ஒருவர் கையில் அதைக் கொடுத்தால், அந்த இரவுகளை மட்டுமே அது திருப்பித் தரும்.

மலையக நாவல்களைத் தேடுவது இயல்பான அடுத்த படி. சி.வி. வேலுப்பிள்ளையின் ‘வீடற்றவன்’, தி. ஞானசேகரனின் ‘குருதிமலை’ இரண்டையும் பார்த்தேன். இரண்டும் தோட்டத் தொழிலாளரின் போராட்டத்தை நேராக எடுத்துக்கொண்டவை; கதை ஒரு மோதலை நோக்கி நகர்கிறது. அக்காவுக்கு வேண்டிய ஆறுதலான நீண்ட ஓட்டம் அங்கே இல்லை. தமிழ்நாட்டு வால்பாறைத் தோட்டங்களைப் பற்றி மருத்துவர் பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் 1969இல் எழுதி, இரா. முருகவேள் தமிழாக்கிய ‘எரியும் பனிக்காடு’ பலருக்கும் தெரிந்தது. பாலாவின் ‘பரதேசி’ படம் அதிலிருந்து வந்தது. வலிமையான புத்தகம்தான். ஆனால் அது ஒரு பொறியைப் பற்றிய கதை. உள்ளே போனவர் வெளியே வர முடியாது என்பதே அதன் உணர்வு. வேர்விடுதல் அதில் இல்லை.

தேவகாந்தனின் ‘கனவுச்சிறை’ எல்லாக் கணக்கிலும் நெருங்கி வந்தது. ஐந்து பாகங்கள், நயினாதீவில் தொடங்கும் கதை, இரண்டு தசாப்தங்கள், பல குடும்பங்கள். பின்னர் காலச்சுவடு ஒரே தொகுதியாகவும் வெளியிட்டது. ‘ஆதிரை’யின் அகலமும் நீளமும் வேண்டும் என்பவருக்கு நான் தயங்காமல் சொல்லும் புத்தகம் அதுதான். ஆனால் அதில் அரசியல் விவாதங்கள் நிறைய. மாந்தர் உட்கார்ந்து வாதிடுவார்கள். அக்கா தன் பேச்சில் அரசியலைத் தொடவே இல்லை என்பதை நினைத்து, அதை இப்போதைக்கு ஒதுக்கி வைத்தேன்.

கடைசியில் மூன்று புத்தகங்கள் நின்றன. மூன்றும் ஒரே மாதிரியானவை அல்ல. வேண்டுமென்றே அப்படித்தான் தெரிந்தேன். மூன்று வெவ்வேறு வாசல்களைத் திறந்துவைத்தால், அவர் எதை எடுக்கிறார் என்பதிலிருந்து என் ஊகம் சரியா என்று தெரியும்.

முதலாவது, அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’. 1973இல் வீரகேசரிப் பிரசுரமாக வந்தது. முல்லைத்தீவு மாவட்டத்துத் தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்டது. காடு, குளம், வேட்டை, வயல். பதஞ்சலி, கதிராமன் என்ற இருவரைச் சுற்றிய சிறிய நாவல். போர் இல்லை, ஏனென்றால் அப்போது போர் வரவில்லை. இது களம் என்ற வாசலால் போகிற பொருத்தம். மண்ணோடு மல்லுக்கட்டிக் குடும்பம் அமைக்கும் சனம் என்பது ‘ஆதிரை’யின் முதற்பகுதியோடு ஒட்டும். ஆனால் மாந்தர் குறைவு, காலம் குறைவு. இதில் ஒரு ஆபத்தும் உண்டு. தண்ணிமுறிப்பை அறிந்தவருக்கு, இழந்த ஒன்றை முழுதாகக் காட்டுவது இழப்பைக் காட்டுவதைவிட வலிக்கலாம். அதை அவரிடம் சொல்லிவிட்டுத்தான் கொடுத்தேன்.

இரண்டாவது, கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’. 1964இல் வந்த நாவல். தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்து சிறுமியாக இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வரும் வள்ளியின் வாழ்க்கை. அது ஒரு முழு ஆயுளைச் சொல்கிறது. பிடுங்கப்படுவதும் நடப்படுவதும் ஒரே பெண்ணின் உடம்பில் நடக்கிறது. மாந்தர் என்ற வாசல். அக்காவின் குடும்பம் வன்னிக்கு வருவதற்கு முன்பு எங்கிருந்து வந்ததோ, அந்தக் கதை. நாவல் வெளிவந்த அதே ஆண்டு ஒக்டோபரில்தான் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகி, ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவாயிற்று. தலைப்பை அந்தச் செய்தியோடு சேர்த்து வாசித்தால் வேறு மாதிரித் தெரிகிறது.

மூன்றாவதுதான் நான் மிகவும் நம்பியது. அதீன் பந்த்யோபாத்யாயவின் வங்க நாவல் ‘நீலகண்டப் பறவையைத் தேடி’. சு. கிருஷ்ணமூர்த்தியின் தமிழாக்கத்தில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டது. கிழக்கு வங்கத்து ஆற்றோரக் கிராமம். தாக்கூர் வீட்டில் சோனா என்ற பிள்ளை பிறப்பதிலிருந்து, பிரிவினை வந்து அந்தக் குடும்பம் ஊரைவிட்டுப் போவது வரை. தர்ப்பூசணி வயலைக் காவல் காக்கும் முதியவர் ஈசம் ஷேக், மனம் பேதலித்துப் பறவையைத் தேடி அலையும் பெரியவர் மணீந்திரநாத், விதவைப் பெண் மாலதி, அவளுடைய பால்ய நண்பனாக இருந்து அரசியலுக்குள் போகும் சம்சுதீன். இந்துக்களும் முஸ்லிம்களும் ஒரே ஊரில் வாழ்ந்து, மெல்ல மெல்ல விலகுகிறார்கள். எழுத்தாளர் யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில்லை. இலங்கையும் இல்லை, தமிழரும் இல்லை. ஆனால் மூன்று சோதனைகளிலும் ‘ஆதிரை’க்குப் பக்கத்தில் வந்து நிற்பது இதுதான். நீண்ட காலம், ஊர் முழுக்கச் சனம், மரணத்துக்குப் பிறகும் தொடரும் வயல் வேலை. அக்காவுக்கு அது இன்னொரு வகையிலும் பாதுகாப்பு என்று நினைத்தேன். பெயர்களும் ஆறுகளும் அந்நியமாக இருப்பதால், வாசிப்பவர் கரையில் நின்று பார்க்க முடியும்.

அதிலும் ஒரு இடத்தில் எச்சரிக்கை தேவை. மாலதி கடத்தப்பட்டு வல்லுறவுக்கு உள்ளாகிறாள். அந்தப் பகுதி தொடங்கும் பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து, ‘இங்கே மாலதிக்குத் தீங்கு நடக்கிறது, தாண்டிப் போனாலும் கதை விளங்கும்’ என்று எழுதினேன். இப்படிச் செய்வது வாசகரைக் குழந்தையாக நடத்துவது என்று சில நண்பர்கள் சொல்வார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. முடிவெடுக்கும் உரிமை அவரிடம்தான் இருக்கிறது, தெரிந்து முடிவெடுக்கட்டும்.

கொடுக்கும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு வசனம் சொன்னேன். ‘இது அருமையான புத்தகம்’ என்று சொல்லவில்லை. ‘நீங்கள் சொன்ன அந்தக் காடு வெட்டுற காலம் இதில இருக்கு, ஆனா ஊர் முழுக்க வராது’ என்பது போல. எது ஒத்திருக்கிறது, எது ஒத்திராது என்ற இரண்டு பாதியும் அந்த வசனத்தில் இருக்க வேண்டும். இரண்டாம் பாதியைச் சொல்லாமல் விட்டால், வாசகர் முதல் ஐம்பது பக்கத்தில் இல்லாததைத் தேடி ஏமாந்து புத்தகத்தை மூடுவார். ஐம்பது பக்கத்துக்குப் பிறகும் ஒட்டவில்லை என்றால் மூடிவிடலாம், எனக்காக முடிக்க வேண்டாம் என்றும் சொன்னேன்.

புத்தகங்களைக் கையில் எடுப்பது வேறொரு வேலை. ‘நிலக்கிளி’யை நூலகம் எண்ணிம நூலகத்தில், அதாவது noolaham.org தளத்தில், இலவசமாக வாசிக்கலாம். 2005இல் தொடங்கிய இந்தத் தளத்தில் ஈழத்து நூல்களும் இதழ்களும் ஸ்கேன் செய்யப்பட்டுக் கிடைக்கின்றன. புதிய நாவல்கள் பெரும்பாலும் அங்கே இருக்காது. பழையவைக்கு அதுதான் முதல் இடம். ஸ்கேன் பக்கங்கள் கைத்தொலைபேசியில் சிறிதாகத் தெரியும், மூக்குக்கண்ணாடி அணிபவர்களுக்குச் சிரமம். அக்காவுக்கு மகளின் டெப்லெட் உதவியது. இந்தத் தளத்தில் இன்னொரு பயனும் உண்டு. ஒரு பழைய நாவலின் தொனி எப்படியிருக்கும் என்று தெரிய வேண்டுமானால், அதே காலத்து இதழ்களில் வந்த மதிப்புரையைத் தேடி வாசிக்கலாம். டொமினிக் ஜீவாவின் ‘மல்லிகை’யும், தி. ஞானசேகரன் 2000இல் கண்டியிலிருந்து தொடங்கிய ‘ஞானம்’ இதழும் அங்கே கிடைக்கின்றன. பின்னட்டை வாசகத்தைவிட அந்தக் காலத்து மதிப்புரைகள் நேர்மையானவை. பிடிக்காததை ‘மந்தமாகச் செல்கிறது’ என்று வெளிப்படையாகக் குறை சொல்லியிருப்பார்கள். அந்தக் குறைதான் எங்கள் தேடலில் சில வேளை சிறந்த சிபாரிசு. மந்தமாகச் செல்லும் நாவல்தானே அக்காவுக்கு வேண்டும்!

வங்க நாவலின் தமிழ்ப் பிரதி கொழும்பில் கிடைக்கவில்லை. சென்னை நண்பர் ஒருவர் பழைய பிரதி ஒன்றை வாங்கி, வந்தவர் கையில் கொடுத்தனுப்பினார். ‘தூரத்துப் பச்சை’ என்னிடமிருந்த பிரதி; இரவல்.

முதலில் ‘நிலக்கிளி’யை வாசித்தார், சிறியது என்பதால். இரண்டு நாளில் முடித்துவிட்டுத் தொலைபேசியில் பேசினார். பிடித்திருந்தது, ஆனால் “கெதியா முடிஞ்சிட்டுது” என்றார். என் கணக்கில் அது நல்ல செய்தி. களம் மட்டும் போதாது, நீளமும் சனமும் வேண்டும் என்பது உறுதியாயிற்று. ‘தூரத்துப் பச்சை’யைத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டார். காரணம் நான் எதிர்பார்க்காதது. வள்ளி அவருடைய அப்பாயியைப் போலவே இருக்கிறாளாம். அப்பாயியைப் பற்றித் தானே எழுதி முடித்த பிறகுதான் வாசிக்கப்போவதாகச் சொன்னார். எழுதுகிறீர்களா என்று கேட்டேன். பேத்தியின் பழைய பாடசாலைக் கொப்பியொன்றில் கொஞ்சம் எழுதியிருப்பதாகச் சொன்னார்.

‘நீலகண்டப் பறவை’யின் முதல் நாற்பது பக்கங்கள் அவருக்குக் கடினமாக இருந்தன. பெயர்கள் குழம்பின. நான் போய், ஒரு தாளில் தாக்கூர் வீட்டார் ஒரு பக்கம், முஸ்லிம் வீட்டார் மறுபக்கம் என்று பெயர்களை எழுதிப் புத்தகத்துக்குள் வைத்தேன். பெரிய நாவல்களைக் கொடுக்கும்போது இந்த ஒரு தாள் பாதி வேலையைச் செய்துவிடுகிறது. பிறகு மூன்று வாரம் சத்தமில்லை. ஒரு இரவு அழைத்தார். குடும்பம் புறப்படும் இடத்துக்கு வந்துவிட்டாராம்.

“ஈசத்த விட்டுட்டுப் போறாங்க தம்பி. அவருக்குச் சொல்லாமலே.”

சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, மாலதியின் பகுதியைத் தாண்டாமல் வாசித்ததாகவும், துண்டுக் காகிதம் அங்கே இருந்தது நல்லது என்றும் சொன்னார். தாங்கள் முதன்முதலில் மலையைவிட்டு இறங்கியபோது, எதிர்வீட்டுச் சிங்கள அம்மா ஒருவர் ரொட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்ததைப் பற்றிச் சொன்னார். ‘ஆதிரை’யைப் பற்றிப் பேசியபோது அந்த அம்மா வந்திருக்கவில்லை.

இப்போது அவர் கேட்பது, இதே போல் நீளமான, ஆனால் ஆறு வருகிற ஒரு புத்தகம். அந்த ‘ஆனால்’ புதிது. கதையையும் சனத்தையும் தாண்டி, தண்ணீரும் பருவங்களும் கதைக்குள் ஓடுவது அவருக்குப் பிடிக்கத் தொடங்கியிருக்கிறது. தேடிக்கொண்டிருக்கிறேன். இதற்கிடையில் ‘கனவுச்சிறை’யின் முதல் பாகத்தை மட்டும், முதல் நூறு பக்கங்களில் வாதங்கள் வரும் என்று சொல்லி, அடுத்த முறை கண்டி ரயிலில் ஏறும்போது எடுத்துப்போக வைத்திருக்கிறேன். நயினாதீவைச் சுற்றிலும் கடல் இருக்கிறது. ஆறு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.